நடுவில் கொஞ்சம் நிழல்

"புத்தகத்த ரெண்டா வெட்டுற வேலம்மா" என்று ஷர்லி சொன்னபோது, அவளுடைய அம்மா கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அதுக்கு எதுக்குடி மூணு வருசம் காலேஜு? அருவாமனை போதுமே."

ஷர்லிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். வீட்டில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அன்னவாசலுக்கு உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தெருவில், அவள் படித்த கம்ப்யூட்டர் சயின்ஸைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. கூடப் படித்தவர்கள் சென்னை, ஓசூர் என்று போய்விட்டார்கள். கூட வளர்ந்தவர்களுக்கு இடுப்பில் பிள்ளை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது இரண்டு கூட்டமும் அவளுக்குச் சேராது. ஒரு பக்கம் "நீ படிச்சவ" என்று நகர்ந்துகொள்வார்கள். மறுபக்கம், லீவுக்கு ஊர் வந்தவர்கள் அவளுடைய இங்கிலீஷைக் கேட்டுவிட்டு நகர்ந்துகொள்வார்கள்.

புதுக்கோட்டையில் ஒரு டிரஸ்டுக்குச் சொந்தமான பழைய நூலகம். மாடியில் இரண்டு அறை. பழைய அச்சுப் புத்தகங்களைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றும் வேலையை ஒரு திருச்சிக் கம்பெனி அங்கே நடத்திக்கொண்டிருந்தது. முன்னறையில் ஸ்கேனர். ஸ்கேனர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே காமிரா, கீழே புத்தகத்தை விரித்து வைக்கும் பலகை, அமுக்குவதற்கு ஒரு கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு. விரித்த புத்தகத்தை அப்படியே எடுத்துவிடும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே படத்தில். பின்னறையில் ஷர்லி. அந்தப் படத்தை நடுமடிப்பில் வெட்டி, இடது ஒன்று, வலது ஒன்று என்று தனித்தனிப் பக்கமாக்குவது அவள் வேலை.

வெட்டுவது அவளும் இல்லை, மென்பொருள். புத்தகத்தை விரித்தால் நடுவில் பள்ளம் விழும் அல்லவா, அங்கே வெளிச்சம் போகாது. படத்தில் அது மேலிருந்து கீழாக ஒரு கருத்த பட்டையாகத் தெரியும். மென்பொருள் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் மேலிருந்து கீழாக எந்த இடம் எல்லாவற்றையும்விட இருட்டாக இருக்கிறது என்று தேடும். அங்கே ஒரு சிவப்புக் கோடு போடும். சரியாக இருந்தால் ஷர்லி எண்டரைத் தட்டுவாள். தப்பாக இருந்தால் கோட்டை மவுஸால் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் விடுவாள். வெட்டிய பிறகு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிழலையும் அதுவே சீவி எடுத்துவிடும். ஜன்னல் இல்லாத அறை. நாள் முழுவதும் எண்டர், எண்டர், எண்டர்.

அந்த மாடியில் அவளிடம் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் அடைக்கலமேரி. முன்னறையில் பக்கம் திருப்பிப் படம் எடுப்பவள். கீரனூர்க்காரி. நாற்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லை, மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஷர்லி வேலைக்கு வந்த அன்றே பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏ புள்ள, ஒம் பேரு என்ன?"

"ஷர்லி."

"சர்லியா? எங்க ஊரு கான்வென்ட்டு சிஸ்டரு வளத்த நாய்க்குட்டிக்கும் அதே பேருதான். நல்ல குட்டி. யாரையும் கடிக்காது."

"நான் கடிப்பேன்க்கா."

"கடி, கடி. மொதல்ல சாப்புட வா."

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாக. மேரியக்கா நிறையப் பேசுவாள். பேருந்தில் யார் யாரை இடித்தார்கள், மகன் எந்தப் பாடத்தில் மறுபடி எழுதுகிறான், கண்டக்டர் சில்லறை தராமல் எப்படி முழித்தான் என்று. ஷர்லி கேட்டுக்கொண்டிருப்பாள். மாலையில் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், அன்றைக்குத் தான் பேசிய மொத்தப் பேச்சும் அந்தச் சாப்பாட்டு நேரத்தில் பேசியதுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

மேற்பார்வைக்கு வருகிறவர் ரகுநாத். வாரம் இருமுறை திருச்சியிலிருந்து வருவார். தன்னைவிடப் பத்து வயது மூத்தவளை "மேரி" என்றுதான் கூப்பிடுவார். ஷர்லியை "மா" என்பார். யாருக்கு எந்த மரியாதை என்று எந்தக் கல்லூரியில் கற்றாரோ.

ஒரு நாள் முன்னறையில் அவர் சத்தம் கேட்டது.

"என்ன மேரி இது? எல்லாப் படத்துலயும் நடுவுல கருப்பா அடிச்சிருக்கு. கரி பூசுன மாதிரி. இப்படியே போனா மொத்தமும் திரும்ப எடுக்கணும், ரீடேக்தான். முன்னாடி இருந்த ஆளு ஏன் போனான்னு தெரியும்ல?"

முன்னாடி இருந்தவன் ரீடேக்கால்தான் போனான். அது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கருப்புப் பட்டைதான் மென்பொருளுக்குக் கண், வெட்டிய பிறகு அது இருக்கவே இருக்காது என்று எழுந்துபோய்ச் சொல்லலாமா என்று ஷர்லி நினைத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூடச் செய்தாள். அதற்குள் ரகுநாத் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

மறுநாள் மேரியக்கா ஒரு காரியம் செய்தாள். பக்கவாட்டில் இருந்த விளக்குகளில் ஒன்றைக் கழற்றி, புத்தகத்தின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தாள். வெளிச்சம் நடுமடிப்பின் நீளத்துக்கே ஓடியது. பள்ளத்துக்குள் ஒரு பொட்டு நிழல் இல்லை. கண்ணாடியையும் இன்னும் அழுத்தி வைத்தாள். படம் பளிச்சென்று வந்தது, வெள்ளைவேட்டி விரித்த மாதிரி.

"பாரு புள்ள! கரி எங்க, கரி எங்க?" என்று பின்னறை வாசலில் நின்று கைகொட்டினாள்.

"சூப்பர்க்கா" என்றாள் ஷர்லி. உண்மையாகத்தான் சொன்னாள். படத்தை இன்னும் அவள் வெட்டிப் பார்த்திருக்கவில்லை.

அந்த வாரம் வந்தவை பழைய பஞ்சாங்கங்கள். பக்கம் முழுக்கக் கட்டம். வலப்பக்கத்தில் முதல் கட்டம் தேதி, நடுமடிப்பை ஒட்டினாற்போல. அடுத்தது கிழமை, திதி, நட்சத்திரம் என்று போகும். கட்டத்துக்குக் கட்டம் மேலிருந்து கீழாக அழுத்தமான கருப்புக் கோடு. நடுவில் நிழல் இருந்தவரை மென்பொருளுக்குக் குழப்பம் இல்லை, நிழல்தான் எல்லாவற்றையும்விட அகலமான இருட்டு. இப்போது நிழல் இல்லை. அது தேடிப் பார்த்தது. தேதிக்கும் கிழமைக்கும் நடுவில் இருந்த அச்சுக்கோடு கிடைத்தது. அங்கேயே வெட்டிவிட்டது.

தேதிகள் எல்லாம் இடப்பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன. வலப்பக்கத்தில் கிழமை இருந்தது, அமாவாசை இருந்தது, என்றைக்கு அமாவாசை என்பது இல்லை.

ஷர்லி அடுத்த படத்தைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். கோட்டை ஒரு படத்தில் சரியாக வைத்துவிட்டு அதையே எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்தாள். முதல் சில படங்களுக்கு ஒத்துவந்தது. பக்கம் திரும்பத் திரும்ப இடப்பக்கக் கட்டு தடித்து, நடுமடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிக்கொண்டே போயிற்று. கோடு மறுபடி எழுத்துக்குள் ஏறியது. ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொன்றாக, கையால்.

சொல்லியிருக்கலாம். முன்னறைக்குப் போய், "அக்கா, அந்த வெளக்கப் பழைய எடத்துலயே வைங்க" என்றால் முடிந்தது. ஆனால் இதற்குள் எடுத்து முடித்தது ஒரு பீரோ பஞ்சாங்கம். ரகுநாத் காதில் விழுந்தால் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை ரீடேக். ரீடேக் என்றால் மேரியக்கா கிடையாது. பாவம், அவளே பயந்துபோய்ச் செய்த வேலை. சொன்னால் இன்னும் பயப்படுவாள். விளக்கு, நிழல், மென்பொருள் என்று அவளுக்கு எங்கே தொடங்கி எங்கே விளக்குவது? இப்படியெல்லாம் ஷர்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேரியக்கா போய்விட்டால் அந்த மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை. அதுதான் முதல் காரணம்.

இழுக்க ஆரம்பித்தாள். சிவப்புக் கோட்டைப் பிடி, இடப்பக்கம் நகர்த்து, விடு, எண்டர். பஞ்சாங்கம் முடிந்து கதைப் புத்தகங்கள் வந்தன. அவற்றில் கட்டம் இல்லை. நடுவில் நிழலும் இல்லாததால் மென்பொருள் வரிகளின் தொடக்கத்தையே இருட்டு என்று எண்ணிக்கொண்டு எழுத்துகளின் கழுத்தில் கோடு போட்டது. அவற்றையும் இழுத்தாள். சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தாள். சனிக்கிழமையும் வந்தாள். வலதுகை மணிக்கட்டு வீங்கியது.

"என்ன புள்ள, ஆள் கண்ணுலயே சிக்க மாட்டேங்குற? நாலு வாய்ல அள்ளிப் போட்டுட்டு ஓடுற?"

"வேல கூடிருச்சுக்கா."

"அந்த மிசினுதான தானா வெட்டுதுன்ன?"

"தானாதான்க்கா வெட்டுது. கூட இருந்து பாக்கணும்ல."

"புள்ளத்தாச்சிக்குப் பக்கத்துல மருத்துவச்சி ஒக்காந்த மாதிரி" என்று மேரியக்கா சிரித்தாள். ஷர்லியும் சிரித்தாள். யாருக்காக இப்படி முதுகு ஒடிய உட்கார்ந்திருந்தாளோ அவளோடு பேச இப்போது நேரம் இல்லாமல் போயிருந்தது. அது அவளுக்கு உறைக்காமல் இல்லை. கொஞ்ச நாள்தானே, இந்தக் கட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

பக்கங்கள் திருச்சிக்குப் போயின. அங்கே பார்த்தவர்கள் அசந்துவிட்டார்கள். கண்ணாடி மாதிரிப் பக்கம், ஓரத்தில் ஒரு கறை இல்லை, ஒரு எழுத்து வெட்டுப்படவில்லை. ரகுநாத் இனிப்புப் பெட்டியோடு படியேறி வந்தார்.

"மேரி... மேரியம்மா, இங்க வாங்க." அன்றைக்கு மரியாதை முளைத்திருந்தது. "ஹெட் ஆபீஸ்ல உங்க இமேஜத்தான் எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்காங்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து நீங்க திருச்சி. புதுசா வர்ற ஆளுங்களுக்கு எல்லாம் நீங்கதான் சொல்லிக் குடுக்கப் போறீங்க. அந்த லைட்டு வைக்கிறீங்களே, அத."

மேரியக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"சார், ஸ்ப்ளிட்டு? பக்கம் வெட்டுறது?" என்றாள் ஷர்லி.

"அது சாஃப்ட்வேர் பண்றதும்மா. அதுவும் நல்லா இருக்கு."

திருச்சிக்குப் போகும் அறிக்கையில் பக்கம் சரியா, தப்பா என்பதற்கு இடம் இருந்தது. தானாக வெட்டியதா, ஒருத்தி கையொடிய இழுத்து வெட்டியதா என்பதற்கு இடமே கிடையாது. அவளே நிரப்பி அனுப்பிய அறிக்கைதான். யாரைத் திட்டுவது? இனிப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மண்ணைத் தின்பது போல் இருந்தது.

போகட்டும், நல்லா இருக்கட்டும் என்று இரண்டு நாள் நினைத்துப் பார்த்தாள். மேரியக்கா அதற்குள் மகனிடம் சொல்லி, நாத்தனாரிடம் சொல்லி, கீரனூர் பங்குச் சாமியாரிடமும் சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள்தான் ஷர்லி மேற்கொண்டு யோசித்தாள். திருச்சியில் மேரியக்கா விளக்கைத் தலைமாட்டில் வைக்கச் சொல்லிக் கொடுப்பாள். எல்லாரும் வைப்பார்கள். அங்கே உள்ள மென்பொருளும் இதேதான், கண்ட கண்ட இடத்தில் வெட்டும். பின்னறையில் உட்கார்ந்து இழுப்பதற்கு அங்கே ஷர்லி இருக்க மாட்டாள். அத்தனை பேர் முன்னாலும் மேரியக்காவைத்தான் கேட்பார்கள்.

சொல்லாமல் விட்டால் அக்காவுக்குத் தலைகுனிவு. சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனால் பயமாக இருந்தது.

கடைசி நாள் மாலை இருவரும் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். மேரியக்கா கையில் ஒரு பையும், டிரஸ்டுக்காரர்கள் போர்த்திய துண்டும்.

"ஒன்ன விட்டுட்டுப் போறதுதான் புள்ள ஒரு மாதிரி இருக்கு. திருச்சிக்கு ஒரு நா வா. மலைக்கோட்டை பாக்கலாம், பிரியாணி வாங்கித் தாரேன்."

"அக்கா, அங்க போயி அந்த வெளக்கத் தலைமாட்டுல வைக்காதீங்க."

"என்னது?"

"நடுவுல நெழல் இருக்கணும். இருந்தாத்தான் மிசினுக்கு நடு எதுன்னு தெரியும். வெட்டுன பொறவு நெழல அதுவே சீவிரும். நெழல் இல்லேன்னா கண்ட எடத்துல வெட்டுது."

மேரியக்கா பேருந்து நிலைய வாசலிலேயே நின்றுவிட்டாள். "நம்ம படம் எல்லாம் நல்லாத்தான வெட்டியிருக்குன்னாரு?"

"அது... நான் கையால இழுத்து வச்சேன்."

"எத்தனைய?"

"எல்லாத்தையும்."

கீரனூர் வழியாகப் போகும் திருச்சி வண்டி ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மேரியக்கா அதைப் பார்க்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"நீங்க வெளக்கத் திருப்புனதுலேர்ந்து."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா பயந்துருவீங்கன்னுதான்க்கா. அந்தாளு ரீடேக்குன்னு சொல்லி ஒங்கள அனுப்பிச்சுருவான்னு..."

"வெளக்கத் திருப்பத் தெரிஞ்சவளுக்கு, திருப்பி வைக்கத் தெரியாதா? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே அங்கிட்டு நவுத்தி வச்சிருப்பேனே."

"ஒங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரிய..." ஷர்லி பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியும் பயனில்லை.

"ம்" என்றாள் மேரியக்கா. "இப்ப சொன்னியே, இந்தா நிக்கிறோமே இந்த எடத்துல. புரியலயா எனக்கு?"

ஷர்லி வீங்கிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"அந்தாளு என்னைய ஒண்ணும் தெரியாதவன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னான். நீ எங்கூட ஒக்காந்து சோறு தின்னுக்கிட்டே நெனச்சிருக்க." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஷர்லியும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கத்துவது அவளுக்கு வரும். "எம்மவங்கிட்டச் சொன்னேன்டி, ஒங்கம்மா எடுத்த படத்தத் திருச்சில போட்டுக் காட்டுறாங்கன்னு. அது ஒங் கைவேல. என்னைய வச்சு நீ என்ன வெளையாட்டு வெளையாடுன?"

"வெளையாட்டு இல்லக்கா. நீங்க போயிட்டா எனக்கு அங்க... யாருமே இல்லக்கா."

மேரியக்கா அவளைப் பார்த்தாள். கை ஒரு நொடி அவளுடைய தோள்பக்கம் வந்த மாதிரி இருந்தது. பிறகு அந்தக் கை துண்டைச் சரிசெய்துகொண்டது.

"யாருமே இல்லேங்கிறவ, இருந்த ஒருத்திகிட்ட வாயத் தொறந்திருக்கணும்."

அடுத்த வண்டியில் ஏறிவிட்டாள். கூட்டத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்று ஷர்லிக்குத் தெரியவில்லை. இரண்டு பக்க ஜன்னல்களையும் பார்த்தாள்.

மேரியக்காவின் இடத்துக்குப் புதிதாக வந்தவன் பெயர் சூர்யபிரகாஷ். காதில் வயரை மாட்டிக்கொண்டே வந்தான். ஷர்லி அவனுக்குப் பெயர்கூடச் சொல்லவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அந்த வெளக்கு இங்கிட்டுத்தான் இருக்கணும், பக்கத்துல. நடுவுல நெழல் விழணும். எடுக்கக் கூடாது."

"ஏன்?"

பின்னறைக்குக் கூட்டிப்போய் இரண்டு படங்களைத் திறந்து காட்டினாள். நிழல் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. சிவப்புக் கோடு எங்கெங்கே விழுகிறது என்று காட்டினாள்.

"ஓ. அவ்ளோதானா? சரிங்க" என்று வயரை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு ரகுநாத்தும் வந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன் ஷர்லியே சொன்னாள். "சார், இனிமே படத்துல நடுவுல கருப்பாத்தான் இருக்கும். வெட்டுறதுக்கு அது வேணும். வெட்டுன பொறவு இருக்காது."

"அப்படியா? கடைசில பக்கம் நல்லா வந்தாச் சரிம்மா" என்றார். போன் வந்தது. படியிறங்கிவிட்டார்.

இவ்வளவுதான். இரண்டு பேரிடமும் சேர்த்துச் சொன்னதற்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம் ஆகவில்லை. யாரும் பயப்படவில்லை, யாரும் யாரையும் அனுப்பவில்லை. ஷர்லிக்கு யாரையாவது நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

மேரியக்காவுக்குப் போன் போட்டாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. "வெளக்கு சரியா இருக்காக்கா?" என்று செய்தி எழுதினாள், அழித்தாள். "நான் ஒங்கள அப்படி நெனக்கல" என்று எழுதினாள். அது பொய் என்று தெரிந்ததால் அதையும் அழித்தாள். "நெனச்சேன். தப்புதான்" என்று எழுதி, திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டாள்.

இரண்டு டிக் விழுந்தது. நீலமாக மாறியது. பதில் இல்லை.

முன்னறையிலிருந்து காலையில் எடுத்த படங்கள் வந்து சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தாள். நடுவில் நல்ல கருப்பாக, அகலமாக நிழல். சிவப்புக் கோடு அதன்மேல் போய் நின்றது. அடுத்த படத்திலும் நின்றது. அதற்கடுத்ததிலும். பக்கம் திரும்பத் திரும்ப நிழல் நகர்ந்தது, கோடும் கூடவே நகர்ந்தது. கை மவுஸின் மேலேயே இருந்தது. இழுப்பதற்கு ஒன்றும் வரவில்லை. மத்தியானத்துக்குள் அன்றைய வேலை முடிந்துபோயிற்று.